‘பெண்டிங்’ என்றால் யார் தலையில்?

புராஜெக்ட் மீட்டிங் முடிந்ததும் யாராவது ஒருவர் வேலைப் பட்டியல் போட்டு அனுப்ப வேண்டும். அந்தப் பொறுப்பு பெரும்பாலும் அறையில் இருப்பவர்களிலேயே இளையவர் தலையில் விழும். அவர் ஸ்லைடு ஃபைலைத் திறப்பார், ‘ஆக்‌ஷன் ஐட்டம்ஸ்’ என்று தலைப்புப் போட்ட பக்கத்துக்கு நேராகப் போவார், அதில் இருப்பதை எக்செலில் ஒட்டி எல்லாருக்கும் அனுப்பிவிடுவார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அடுத்த வாரம் அதே அறையில், “இதை யார் பார்க்கிறதா சொன்னாங்க?” என்று ஒருவர் கேட்க, எல்லாரும் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

காரணம் எளிது. அந்த ‘ஆக்‌ஷன் ஐட்டம்ஸ்’ பக்கம் மீட்டிங்குக்கு முந்தைய நாள் இரவு, ஸ்லைடு தயாரித்தவர் தன் மனதில் தோன்றியதை வைத்து எழுதியது. உண்மையான வேலைகள் மற்ற பக்கங்களில் செய்தி போல வேஷம் போட்டு உட்கார்ந்திருக்கும். ‘டிராயிங் பெண்டிங்’ என்பது பார்வைக்கு ஒரு தகவல். ஆனால் உண்மையில் யாரோ ஒருவர், யாரோ ஒருவரிடம், ஒரு நாளுக்குள் ஒரு டிராயிங்கைக் கொடுக்க வேண்டும். அந்த மூன்றையும் ஸ்லைடு சொல்லவில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். ஒரு மருத்துவமனை நான்கு மாடியில் புதிய கட்டடம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை தோறும் ரிவ்யூ மீட்டிங். 2025 ஜூன் 11 அன்று நடந்த மீட்டிங்கின் ஃபைலில் 22 ஸ்லைடுகள். சிவில் காண்ட்ராக்டர் கொடுத்தவை சில, எலக்ட்ரிக்கல் தரப்பு கொடுத்தவை சில, லிப்ட் கம்பெனி அனுப்பியவை இரண்டு. எல்லாவற்றையும் புராஜெக்ட் கன்சல்டன்ட் ஒரே ஃபைலாகத் தைத்திருக்கிறார். வாசகம் எல்லாம் ஆங்கிலம்தான். இங்கே அதைத் தமிழில் தருகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது மீட்டிங் என்றைக்கு நடந்தது என்பதை. சிரிக்க வேண்டாம். ‘அடுத்த வெள்ளி’, ‘இரண்டு நாளில்’, ‘மாதக் கடைசி’ என்ற எல்லாச் சொல்லும் அந்தத் தேதியில்தான் தொங்குகின்றன. முதல் ஸ்லைடில் தேதி இருக்கிறதே என்று நம்பக் கூடாது. பவர்பாயின்ட்டில் தேதியைச் செருகும்போது, தானாகவே மாறிக்கொள்ளும்படி வைக்க ஒரு வசதி உண்டு. அப்படி வைத்த தேதி, ஃபைலை என்றைக்குத் திறக்கிறோமோ அன்றைய தேதியைக் காட்டும். பதினாறாம் தேதி திறந்து பட்டியல் போடுபவருக்கு முகப்பில் ‘ஜூன் 16’ என்றே தெரியும். அதை நம்பி ‘இரண்டு நாளில்’ என்பதைப் பதினெட்டு என்று எழுதினால், 13-ஆம் தேதி முடிந்திருக்க வேண்டிய வேலைக்குச் சும்மா ஐந்து நாள் கருணை கிடைத்துவிடும். தேதியின் மேல் க்ளிக் செய்து பார்த்தால் தெரிந்துவிடும்: சாதாரண எழுத்து என்றால் ஒவ்வோர் எழுத்தாகத் திருத்தலாம், தானாக மாறும் தேதி என்றால் மொத்தமாக ஒரே துண்டாகச் சாம்பல் நிறத்தில் தெரியும். நம்பகமான மீட்டிங் தேதி காலண்டர் அழைப்பில்தான் இருக்கிறது.

அடுத்தது, ஃபைலில் எழுத்து எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்ப்பது. சிலர் அவுட்லைன் காட்சிக்குப் போய் மொத்தமாகக் காப்பி எடுப்பார்கள். அது பெரிய பொறி. தலைப்பு, புள்ளி போட்ட வரிகள் ஆகியவை மட்டுமே அங்கே வரும். தனியாகப் போட்ட டெக்ஸ்ட் பாக்ஸ், டேபிள், படமாக ஒட்டிய எக்செல் எதுவும் வராது. அவசரத்தில் ஸ்லைடின் மூலையில் சிவப்புப் பெட்டி போட்டு எழுதும் வாசகம்தான் பெரும்பாலும் முக்கியமானது; அதுதான் விட்டுப்போகும். மறைத்து வைத்த ஸ்லைடுகளும் உண்டு. இடது பக்கச் சிறு படங்களில் எண்ணின் மேல் கோடு போட்டிருக்கும். நம் ஃபைலில் 17-வது ஸ்லைடு அப்படி மறைக்கப்பட்டது. டைல்ஸ் சாம்பிளுக்கு ஒப்புதல் வேண்டும் என்று அதில் இருக்கிறது. மீட்டிங்கில் அதை யாரும் காட்டவில்லை, பேசவில்லை. அப்படியானால் அது இந்த மீட்டிங்கின் வேலை அல்ல. பட்டியலில் சேர்க்காமல், கன்சல்டன்ட்டிடம் ஒரு வரி கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் நோட்ஸ் பகுதி இன்னும் நுணுக்கமானது. ஒன்பதாவது ஸ்லைடில், இரண்டாம் தளத் தூண்களின் கான்கிரீட் கியூப் சோதனை பற்றி ‘ரிப்போர்ட் வந்தது’ என்று மட்டும் இருக்கிறது. நோட்ஸில், ‘மே 30 வார்த்தது, 7 நாள் ரிசல்ட் குறைவு, லேபில் பேசணும்’ என்று பேசியவர் தனக்காகக் குறித்து வைத்திருக்கிறார். இது கட்டாயம் ஒரு வேலைதான். மே 30 வார்த்த கியூப்பின் 28-ஆம் நாள் ஜூன் 27. கான்கிரீட்டை ஏற்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் சோதனை அன்றைக்குத்தான். ஆனால் நோட்ஸ் என்பது பேசுபவரின் சட்டைப் பைச் சீட்டு. மருத்துவமனைத் தரப்பு உட்பட இருபது பேருக்குப் போகும் பட்டியலில் அதைத் தூக்கிப் போட்டால், அடுத்த வாரத்திலிருந்து அவர் நோட்ஸே எழுத மாட்டார். முதலில் அவரிடம் கேட்டுவிட்டுச் சேர்ப்பதுதான் முறை. தரத்தைப் பற்றிய சங்கதி என்பதால் விட்டுவிடவும் முடியாது. அவர் பட்டியலில் போடத் தயங்கினால் புராஜெக்ட் மேனேஜர் காதில் போட்டுவிட வேண்டும்.

இனி நம் கதையின் மையமான ஏழாவது ஸ்லைடுக்கு வருவோம். தலைப்பு: ‘மூன்றாம் தள ஸ்லாப் வேலை திட்டப்படி நடக்கிறது’. கீழே பெரிய எழுத்தில் ‘ஷட்டரிங் முடிந்தது’, ‘கீழ்க்கம்பி கட்டி முடிந்தது’, ‘ஜூன் 14 கான்கிரீட்’. அதற்கும் கீழே, உள்ளே தள்ளி, சின்ன எழுத்தில்: ‘எலக்ட்ரிக்கல் டிராயிங் பெண்டிங்’. கட்டட வேலை தெரிந்தவருக்கு இந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் வயிற்றைப் பிசையும். ஸ்லாபில் ஓடும் மின்குழாய்களைக் கீழ்க்கம்பி கட்டிய பிறகு, மேல்கம்பி கட்டுவதற்கு முன்பு போட வேண்டும். டிராயிங் இல்லாமல் குழாய் இல்லை, குழாய் இல்லாமல் மேல்கம்பி இல்லை, மேல்கம்பி இல்லாமல் 14-ஆம் தேதி இல்லை. தலைப்பையே கடைசி வரி கவிழ்க்கிறது.

இப்படி அடியில் புதைவது கட்டடக்காரர்களுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறியது. அதன் விசாரணைக் குழு அறிக்கை, ஓடம் பறந்துகொண்டிருந்தபோதே நாசா அதிகாரிகளுக்குக் காட்டிய ஒரு ஸ்லைடைத் தனியாக எடுத்து அலசியது. இறக்கையில் மோதிய நுரைத் துண்டு, சோதனையில் பயன்படுத்திய துண்டைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது என்ற தகவல் அந்த ஸ்லைடின் அடிமட்ட வரியில் இருந்தது. தலைப்பு தந்த தொனியோ, கவலைப்பட அதிகம் இல்லை என்பது போல. ஆகவே பட்டியல் போடுபவர் ஸ்லைடைக் கீழிருந்து மேலாகப் படிப்பது நல்ல பழக்கம் என்பேன்.

ஒரு வரியில் வேலை இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ‘பெண்டிங்’, ‘எதிர்பார்க்கப்படுகிறது’, ‘ஒருங்கிணைப்பு தேவை’, ‘விவாதத்தில் உள்ளது’ என்ற சொற்கள் வந்தால் நின்றுவிட வேண்டும். பிறகு, இது முடிந்துவிட்டது என்று எதைக் கையில் வைத்துக் காட்ட முடியும் என்று கேட்க வேண்டும். ‘எலக்ட்ரிக்கல் டிராயிங் பெண்டிங்’ என்பதற்கு விடை உண்டு: கையெழுத்திட்ட மூன்றாம் தள மின்குழாய் டிராயிங் சைட்டுக்கு வந்து சேர்வது. ஆக, பட்டியலில் எழுத வேண்டியது ‘டிராயிங் பெண்டிங்’ என்று அல்ல. ‘மூன்றாம் தள ஸ்லாப் மின்குழாய் டிராயிங்கை ஒப்புதலோடு சைட்டுக்குக் கொடுப்பது’ என்று. ‘காண்ட்ராக்டருடன் ஒருங்கிணைப்பு தேவை’ என்ற 12-வது ஸ்லைடு வரிக்கு அப்படி ஒரு விடை கிடைக்கவில்லை. எதைப் பற்றி, எது முடிந்தால் ஒருங்கிணைந்ததாகக் கொள்வது என்று ஒன்றுமே இல்லை. அதை வேலையாக எழுதாமல் கேள்வியாகத்தான் ஒதுக்க முடியும்.

சரி, டிராயிங்கை யார் கொடுப்பது? ஸ்லைடு சொல்லவில்லை. டிராயிங் போடுபவர் எலக்ட்ரிக்கல் கன்சல்டன்ட் என்று அனுபவம் சொல்லும். ஆனால் அவர் டிராயிங்கை எப்போதோ அனுப்பியிருக்கலாம்; ஆர்க்கிடெக்ட் மேஜையில் ஒப்புதலுக்காகக் கிடக்கலாம்; அல்லது ஆபரேஷன் தியேட்டரில் எத்தனை பிளக் பாயின்ட் என்று மருத்துவமனை இன்னும் சொல்லாமல் இருக்கலாம். மூன்று பேரில் ஒருவரை ஊகித்துப் பெயர் எழுதிவிட்டால், அந்த ஊகம் அடுத்த வாரம் ஆவணமாகிவிடும். தவறான ஆள் ‘எனக்கு இதில் சம்பந்தம் இல்லை’ என்று பதில் போட, சரியான ஆள் நிம்மதியாக இருப்பார். ஆகவே அந்தக் கட்டத்தில் ‘ஸ்லைடில் இல்லை, கேட்க வேண்டும்’ என்றே எழுத வேண்டும். காலியாக விட்டால் மறதி என்று நினைப்பார்கள். ‘ஸ்லைடில் இல்லை’ என்று எழுதினால் அது ஒரு தகவல். என் கணக்கில் இந்த வேலையின் பாதி மதிப்பு இப்படி எழுதுவதில்தான் இருக்கிறது.

பெயர் இருந்தும் ஆள் இல்லாத இடங்களும் உண்டு. 11-வது ஸ்லைடில் லிப்ட் குழியில் தண்ணீர் கசிவது பற்றிச் சிவப்பு நிறத்தில் ஒரு வரி. பொறுப்பு என்ற கட்டத்தில் ‘கிளையன்ட் / கன்சல்டன்ட் / காண்ட்ராக்டர்’. மூன்று பேர் பொறுப்பு என்றால் யாருமே பொறுப்பில்லை என்பது ஆபீஸில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே போல ‘ஆர்.கே.’ என்று இனிஷியல் மட்டும் போட்டிருப்பார்கள். காண்ட்ராக்டரிடம் ஓர் ஆர்.கே., ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் இன்னோர் ஆர்.கே. இருந்தால் எந்த ஸ்லைடை யார் தயாரித்தது என்பதைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். ஒரு தரப்பு தயாரித்த ஸ்லைடில் வரும் இனிஷியல் பெரும்பாலும் அந்தத் தரப்பு ஆளைத்தான் குறிக்கும். அப்போதும் அதை உறுதி செய்துகொண்டு முழுப் பெயராக எழுத வேண்டும்.

டேபிளிலிருந்து எடுக்கும்போது ஒரு தனித் தொல்லை. 21-வது ஸ்லைடின் ‘ஆக்‌ஷன் ஐட்டம்ஸ்’ டேபிளில் மூன்று வேலைகளுக்குப் பக்கத்தில் ஒரே பெரிய கட்டமாக இணைத்து ‘எலக்ட்ரிக்கல் கன்சல்டன்ட்’ என்று எழுதியிருக்கிறது. எக்செலில் ஒட்டி வரிவரியாகப் பிரித்ததும் முதல் வரிக்கு மட்டும் பொறுப்பாளர் நிற்பார். அடுத்த இரண்டும் அநாதையாகிவிடும். இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு: உண்மையிலேயே காலியான கட்டத்தை, மேலே இருப்பது இதற்கும் சேர்த்துத்தான் என்று நினைத்து நிரப்பிவிடுவது. இரண்டையும் பிரித்தறிய ஸ்லைடிலேயே கட்டங்களுக்கு நடுவில் கோடு இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை.

அதே டேபிளில் இரண்டு வரிகளின் மேல் குறுக்குக் கோடு. அதாவது முடிந்துவிட்டன. எழுத்தை மட்டும் உருவி எடுக்கும் எந்த முறையிலும் அந்தக் கோடு காணாமல் போகும். ஃபைலுக்குள் அது `strike="sngStrike"` என்று வேறொரு குறிப்பாகத்தான் கிடக்கிறது, எழுத்தோடு ஒட்டியில்லை. பச்சை நிறம் போட்டு ‘முடிந்தது’ என்று காட்டுபவர்களின் ஸ்லைடுக்கும் இதே கதி. முடிந்த வேலையை மறுபடி ஒருவரிடம் கேட்டால் அவர் அடுத்த முறை உங்கள் மெயிலைத் திறக்கவே மாட்டார்.

தேதிக்கு வருவோம். இதில்தான் சேதம் அதிகம். லிப்ட் கம்பெனியின் 14-வது ஸ்லைடில் ‘லிப்ட் குழி ஒப்படைப்பு: 07/08/2025’ என்று இருக்கிறது. நம் ஊர் வழக்கப்படி ஆகஸ்ட் 7. குழிக் கசிவை அடைக்க இன்னும் எட்டு வாரம் இருக்கிறது, நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் அதே ஸ்லைடில் இரண்டு வரி மேலே, ‘பொருள்கள் வந்து சேரும் நாள்: 06/25/2025’ என்று இருக்கிறது. இருபத்தைந்தாவது மாதம் ஒன்று கிடையாது. அப்படியானால் இந்த ஸ்லைடில் முதலில் வருவது மாதம். ஒப்படைப்பு ஜூலை 8. கையிலிருந்த எட்டு வாரம் ஒரு நொடியில் நான்கு வாரமாகச் சுருங்கிவிட்டது. 11-வது ஸ்லைடில் மூன்று பேர் பெயரில் தூங்கிக்கொண்டிருந்த கசிவு இப்போது அவசர வேலை. பக்கத்தில் பன்னிரண்டுக்கு மேற்பட்ட எண்ணோடு ஒரு தேதி இருந்ததால் தப்பித்தோம். அது இல்லையென்றால் கேட்பதைத் தவிர வழியில்லை. பட்டியலில் எப்போதும் மாதத்தை எழுத்திலேயே எழுதிவிட்டால் அடுத்தவருக்கு இந்தத் தொல்லை வராது.

‘அடுத்த வெள்ளி’ என்பது புதன்கிழமை மீட்டிங்கில் 13-ஆ, 20-ஆ என்று சத்தியமாக யாருக்கும் தெரியாது. ‘உடனடியாக’, ‘ஆன்கோயிங்’ என்பவை தேதியே அல்ல. இவற்றை உங்கள் நியாயப்படி ஒரு தேதியாக மாற்றாதீர்கள். ஸ்லைடில் இருந்த வாசகத்தை அப்படியே வைத்து, பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

ஆனால் ஒரு வகைத் தேதியைக் கேள்விக்குறி போட்டும் தீர்க்க முடியாது. 21-வது ஸ்லைடில் இப்படி ஒரு வரி: ‘மூன்றாம் தள ஸ்லாபின் முட்டுகளை எடுப்பது: கான்கிரீட் போட்டதிலிருந்து 14 நாள் கழித்து’. கான்கிரீட் ஜூன் 14 என்று ஏழாவது ஸ்லைடு சொல்கிறது. கூட்டினால் ஜூன் 28. பட்டியல் போடுபவருக்கு 28 என்று எழுதக் கை பரபரக்கும், எல்லாத் தேதிக் கட்டமும் நிரம்பி அழகாக இருக்குமே என்று. அதைச் செய்யவே கூடாது.

அந்தப் பதினான்கு நாள் யாரோ போகிற போக்கில் சொன்ன கணக்கு இல்லை. கான்கிரீட் வேலைக்கான இந்திய தர நிர்ணயம் ஐஎஸ் 456, சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டில் போட்ட ஸ்லாபுக்கு, நீளம் நாலரை மீட்டர் வரை என்றால் முட்டுகளை 7 நாளுக்கு முன் எடுக்கக் கூடாது, அதற்கு மேல் என்றால் 14 நாளுக்கு முன் எடுக்கக் கூடாது என்கிறது. கான்கிரீட் தன் எடையைத் தானே தாங்கும் அளவுக்கு இறுகுவதற்கான அவகாசம் அது. டிராயிங் தாமதமாகி, கான்கிரீட் 19-ஆம் தேதிக்குத் தள்ளிப் போகிறது என்று வையுங்கள். முட்டு எடுக்கும் நாள் ஜூலை 3 ஆக வேண்டும். ஆனால் பட்டியலில் 28 என்று உறைந்துபோன தேதி இருக்கிறது. ஷட்டரிங் ஆட்களுக்கு அந்தத் தேதி போயிருக்கிறது. அடுத்த தளத்துக்குப் பலகை வேண்டுமென்று அவர்களும் காத்திருக்கிறார்கள். ஒன்பதாம் நாளிலேயே முட்டைத் தட்டிவிட ஒரு தவறான கட்டம் போதும். இப்படிப்பட்ட தேதியை ‘கான்கிரீட் போட்ட நாள் + 14 நாள், இப்போதைய திட்டப்படி ஜூன் 28’ என்று இரண்டு பகுதியாக எழுதி, எந்த வரியைச் சார்ந்திருக்கிறது என்பதையும் குறிக்க வேண்டும். எக்செலில் என்றால் கான்கிரீட் தேதி உள்ள கட்டத்தோடு இணைத்துவிடலாம். அது D5-இல் இருந்தால் `=D5+14` என்று போட்டால் போதும், அது நகரும்போது இதுவும் நகரும்.

டிராயிங்கின் தேதியும் இதைப் போன்றதே. ஸ்லைடில் கெடு எதுவும் இல்லை. மின்குழாய் போட, மேல்கம்பி கட்ட, செக் செய்ய என்று பின்னோக்கி எண்ணினால் 12-ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அது என் கணக்கு. அதைக் கெடு என்ற கட்டத்தில் எழுதாமல் குறிப்பு என்ற கட்டத்தில், ‘14-ஆம் தேதி கான்கிரீட்டுக்கு முன் தேவை, 12-க்குள் வராவிட்டால் நடக்காது போலத் தெரிகிறது’ என்று எழுதுவேன். படிப்பவருக்கு எது ஸ்லைடு சொன்னது, எது பட்டியல் போட்டவர் சொன்னது என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு வரிக்கும் ஸ்லைடு எண்ணும், அங்கே இருந்த மூல வாசகமும் ஒரு தனிக் கட்டத்தில் இருக்க வேண்டும். வாக்குவாதம் வந்தால் அந்தக் கட்டம்தான் காப்பாற்றும்.

இவ்வளவும் செய்தால் நம் ஃபைலின் பட்டியல் அழகாக இருக்காது. சில வரிகளில் ஆள் இருப்பார், தேதி இருக்காது. சிலவற்றில் தேதி இருக்கும், ஆள் இருக்க மாட்டார். அதை அப்படியே இருபது பேருக்கும் அனுப்பி ‘நிரப்பித் தாருங்கள்’ என்று கேட்டால் ஒருவரும் நிரப்ப மாட்டார். தனித்தனியாகக் கேட்க வேண்டும். எலக்ட்ரிக்கல் கன்சல்டன்ட்டுக்குப் போன் போட்டு, “சார், மூணாவது ஸ்லாப் டிராயிங் உங்ககிட்ட இருக்கா, ஆர்க்கிடெக்ட்கிட்டயா?” என்று கேட்டால் அரை நிமிடத்தில் பதில் வரும். “எப்போ கிடைக்கும் சார்?” என்றால் இன்னும் அரை நிமிடம். மீட்டிங் நடந்த அன்றே, நினைவு சூடாக இருக்கும்போதே கேட்பது நல்லது. இரண்டு நாள் ஆறப் போட்டால் ஆளாளுக்கு ஒரு ஞாபகம் இருக்கும்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஸ்லைடில் ‘கான்கிரீட் ஜூன் 14’ என்று இருக்க, மீட்டிங்கில் மருத்துவமனை நிர்வாகி “சனிக்கிழமை வேண்டாம், விஐபி வர்றாங்க” என்று சொல்லியிருந்தால், ஸ்லைடை எத்தனை முறை படித்தாலும் அது கிடைக்காது. ஸ்லைடு என்பது மீட்டிங்குக்கு முந்தைய நிலவரம். மீட்டிங்கில் இருந்த ஒருவர் தன் கைக்குறிப்போடு பட்டியலை ஒருமுறை ஒப்பிட்டே ஆக வேண்டும். இரண்டும் முரண்பட்டால் பேசியதுதான் செல்லும். ஆனால் யார் சொன்னது என்று எழுதிவைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு கட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலான பட்டியல்களில் அது இருப்பதில்லை. வாராந்தர ஸ்லைடுகள் சென்ற வார ஃபைலைக் காப்பி எடுத்துத்தான் தயாராகின்றன. ஒரு வேலையின் கெடு 6 என்று இருந்தால், முடியாதபோது அதே வரியில் 13 என்று மாற்றுவார்கள், பிறகு 20. ஒவ்வொரு வாரமும் அந்த ஸ்லைடைப் பார்ப்பவருக்கு அது புத்தம் புதிய வேலையாகத் தெரியும். ஒருமுறைகூடத் தாமதம் என்று காட்டாது. ஆகவே சென்ற வார ஃபைலையும் பக்கத்தில் திறந்து வைத்து, வாசகம் ஒன்றாக இருக்கும் வரிகளைப் பொருத்திப் பார்த்து, ‘முதலில் சொன்ன தேதி’ என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். அந்தக் கட்டத்தை ஒருபோதும் திருத்தக் கூடாது. நம் மருத்துவமனை ஃபைலில் அப்படிப் பொருத்திப் பார்த்தால், ‘எலக்ட்ரிக்கல் டிராயிங் பெண்டிங்’ என்ற அந்தச் சின்ன எழுத்து வரி மே 28-ஆம் தேதி ஸ்லைடிலும் ஜூன் 4-ஆம் தேதி ஸ்லைடிலும் அதே இடத்தில், அதே வாசகத்தோடு இருப்பது தெரியவரும்.